கூட்டம் தள்ளிப் போனால் முதல் அறிவிப்பு என்னவாகும்?

நமது சங்கங்களில் செயற்குழுக் கூட்டத்தைத் தள்ளி வைக்க நேர்ந்தால், செயலாளர் எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: "தவிர்க்க முடியாத காரணங்களால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது." முன்பு அனுப்பிய அறிவிப்பு செல்லுமா, செல்லாதா என்பது அதில் இராது. தகராறு பிறப்பது அந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். திருப்புட்குழியில் 11 உறுப்பினர் கொண்ட ஒரு வணிகர் செயற்குழு இருப்பதாக வைத்துக் கொள்வோம். கூட்டத்துக்கு 7 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது சங்க விதி. 4-12-2023 திங்கட்கிழமை மாலை 6 மணிக்குக் கூட்டம் என்று 25-11-2023 அன்றே அறிவிப்பு போய்விட்டது. வங்கிக் கணக்கில் கையொப்பமிடுபவரை மாற்றுவது முக்கியப் பொருள். இதற்குள் மிக்ஜாம் புயல் வந்தது. 4-ஆம் தேதி காஞ்சிபுரம் மாவட்டத்திற்கும் பொது விடுமுறை விடப்பட்டது. செயலாளர் 3-ஆம் தேதி மாலையே ஒத்திவைப்பு அறிவிப்பு அனுப்புகிறார்.

புதிய தேதி எது? முழு நாள் என்றால் அறிவிப்பு கிடைத்த நாளையும் கூட்ட நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. 3-ஆம் தேதி கைக்குக் கிடைத்திருந்தால் 4 முதல் 10 வரை ஏழு நாட்கள். ஆகவே 11-ஆம் தேதி திங்கட்கிழமை கூடலாம். ஒருவருக்கு மட்டும் மறுநாள் கிடைத்தாலும் அவருக்கு ஆறு நாள்தான் ஆகிறது. அப்போது 12-ஆம் தேதிக்குப் போவதே பத்திரம். தேதி மட்டும் மாறும்போதும் முழு அவகாசம் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். விதியில் அதற்கு விலக்கு இல்லையெனில் முழு அவகாசம் கொடுத்துவிட்டால், பிறகு வாதத்துக்கு இடமில்லை.

அடுத்தது பழைய அறிவிப்பின் நிலை. இரண்டு வழிகள் உண்டு. பழையதை முழுவதும் இரத்துச் செய்து, பொருள்களுடன் புது அறிவிப்பு அனுப்பலாம். அல்லது தேதியை மட்டும் மாற்றி, மற்றவை நிற்கும் என்று சொல்லலாம். இரண்டாவது வழியில் சத்தமில்லாமல் புதுப்பொருள் எதையும் நுழைக்க முடியாது. எந்த வழி என்பதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். நம் உதாரணத்தில் அறிவிப்பு இப்படி அமையலாம்:

"25-11-2023 தேதிய அறிவிப்பின்படி 4-12-2023 மாலை 6 மணிக்கு நடைபெற இருந்த செயற்குழுக் கூட்டம், புயல் மழை காரணமாக அன்று நடைபெறாது. அது 11-12-2023 திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு நடைபெறும். மேற்படி அறிவிப்பில் கண்ட தேதி மட்டும் மாற்றப்படுகிறது. நேரம், இடம், பொருள்கள் ஆகியவற்றில் மாற்றமில்லை."

"நடைபெறாது" என்ற சொல் அவசியம். தமிழில் இருவேறு காரியங்களுக்கும் "ஒத்திவைப்பு" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். கூட்டம் கூடுமுன்பே தேதியை மாற்றுவது ஒன்று. கூடி உட்கார்ந்தபின் மீதியை வேறொரு நாளைக்குத் தள்ளுவது மற்றொன்று. பின்னது அதே கூட்டத்தின் தொடர்ச்சி. மிச்சமான பொருள்களை மட்டுமே அதில் பேசலாம். எது என்று சொல்லாவிட்டால், 4-ஆம் தேதியே கூட்டம் தொடங்கியதாக ஒருவர் வாதிடுவார்.

காரணத்தையும் பெயர் சொல்லி எழுதுவது நல்லது. கையொப்பம் மாறும் நேரத்தில், பழைய பொருளாளருக்கு வேண்டித்தான் தள்ளினார்கள் என்று பேச்சு எழும். அரசு விடுமுறை விட்ட நாள் என்றால் யாரும் சரிபார்த்துக் கொள்ளலாம்.

தள்ளி வைக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 1906-இல் இங்கிலாந்தில் பாரிங்கா மைன்ஸ் என்ற கம்பெனியின் வழக்கு இதற்குப் பேர்போனது. பங்குதாரர் பொதுக்கூட்டத்திற்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பிய பிறகு, அதைத் தள்ளி வைப்பதாக நிர்வாகம் அறிவித்தது. அதை ஏற்காத சிலர் முதலில் குறித்த நாளிலேயே கூடித் தீர்மானம் போட்டனர். ஒத்திவைக்க அதிகாரம் தரும் விதி அந்தக் கம்பெனியில் இல்லை. ஆகவே கூடியவர்கள் போட்ட தீர்மானம் செல்லும் என்றது நீதிமன்றம். அது பொதுக்கூட்டம் பற்றிய தீர்ப்பு. செயற்குழுவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. என்றாலும் நமது விதிப்புத்தகத்தில், கூட்டம் கூட்டுபவரே தலைவர் ஒப்புதலுடன் தேதியை மாற்றலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி, ஒத்திவைப்பு பதினொருவருக்கும் சேர்ந்ததற்குச் சாட்சி வேண்டும். சுற்றறிக்கைப் புத்தகத்தில் தேதியுடன் கையொப்பம் வாங்குவதே பழைய, உறுதியான முறை. புயல் நேரத்தில் வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடிந்தது என்றால், கிடைத்தது என்று ஒவ்வொருவரிடமும் பதில் வாங்கி வைத்து, மழை விட்டதும் புத்தகத்திலும் கையொப்பம் பெறலாம். விதியில் தபால் மட்டுமே என்று இருந்தால் வாட்ஸ்அப் செய்தி தகவலாக மட்டுமே நிற்கும்.

கடைசியாக மினிட் புத்தகம். 11-ஆம் தேதிக் குறிப்பின் முதல் பத்தியிலேயே இரண்டு அறிவிப்புகளின் தேதிகளையும் எழுத வேண்டும். வங்கி கேட்டால் தீர்மான நகலுடன் இரண்டு அறிவிப்புகளின் நகலையும் சேர்த்துக் கொடுக்கலாம். முதல் அறிவிப்பை மட்டும் இணைத்தால் அதில் 4-ஆம் தேதியும் தீர்மானத்தில் 11-ஆம் தேதியும் இருக்கும். மேலாளர் திருப்பி அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.