பெறுநர் யார், நகல் யாருக்கு?

“அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க மேடம்” என்று வரைவைக் காட்டுகிறவர்கள் எல்லோரும் கடிதத்தின் உடலைப் பற்றித்தான் கேட்பார்கள். சொன்னது சரியா, தேதி சரியா, மொழி கடுமையாக இருக்கிறதா என்பதே அவர்கள் கவலை. நான் முதலில் பார்ப்பது தலைப்பகுதியை. சில நிறுவனங்களின் பாலியல் புகார் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். நியாயமான புகார் ஒன்று தடுமாறுவதற்கு, அதில் எழுதியதைவிட அது யார் யாருக்குப் போனது என்பது பல நேரம் காரணமாகிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம். ஒருவருடையது அல்ல, பல வரைவுகளில் கண்டதைச் சேர்த்த மாதிரி இது. திருப்பூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஏற்றுமதி அலுவலகம். தன் பிரிவு மேலாளர் தொடர்ந்து அத்துமீறிப் பேசுவதையும் தொடுவதையும் பற்றி ஒரு பெண் ஊழியர் எழுதியிருக்கிறார். To வரியில் எச்.ஆர். பிரிவின் பொது முகவரி. Cc வரியில் நிர்வாக இயக்குநர், பொது மேலாளர், தனக்கு ஆதரவாகப் பேசிய இரண்டு தோழிகள். Bcc வரியில் கணவர், தன்னுடைய சொந்த ஜிமெயில்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பயம் இருக்கிறது. எச்.ஆர். மூடி மறைத்துவிடுவார்களோ என்று முதலாளியைச் சேர்த்திருக்கிறார். தனியாக நிற்கிறோமோ என்று தோழிகளை. நாளைக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடுமோ என்று சொந்த முகவரியை. பயங்கள் எல்லாமே நியாயமானவை. பெயர்களை உட்கார வைத்த இடங்கள்தான் தவறு.

To வரியில் இருந்து தொடங்குவோம். அரசு அலுவலகக் கடிதத்தில் ‘பெறுநர்’ என்று எழுதுகிற இடத்துக்கு என்ன பொருளோ அதே பொருள்தான் இதற்கும். இதைப் படித்து நடவடிக்கை எடுக்கும் கடமை யாருக்கு இருக்கிறதோ அவர்தான் பெறுநர். பாலியல் துன்புறுத்தல் புகாரில் அந்தக் கடமை யாருக்கு என்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிடுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த நிலையில் உள்ள ஒரு பெண் ஊழியர். புகார் போக வேண்டியது அந்தக் குழுவுக்கு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எச்.ஆர். பிரிவின் பெட்டிக்குள் விழுந்த கடிதம் தானாகக் குழுவிடம் வந்து சேர்ந்ததாக ஆகிவிடாது. “நாங்க பேசித் தீர்த்துக்கலாம்னு நினைச்சோம்” என்று அவர்கள் வாரக்கணக்கில் வைத்திருந்தால், அந்த மூன்று மாதம் அவர்கள் மேசையிலேயே கரைந்துவிடும்.

ஆகவே To வரியில் குழுத் தலைவர் பெயரில் உள்ள முகவரி. குழுவை அமைத்த ஆணையை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைப்பது முதலாளியின் கடமை. பெயர்கள் அங்கே கிடைக்கும். குழுவுக்கென்று ஒரு பொது முகவரி இருந்தால், அதைத் திறந்து பார்ப்பது யார் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பொது முகவரி என்பது ஒரு ஆள் இல்லை. அதற்குள் நான்கு பேர் இருக்கலாம், பதினான்கு பேர் இருக்கலாம். போன வருடம் வேறு பிரிவுக்கு மாறிப் போனவரின் பெயரை யாரும் நீக்காமல் விட்டிருக்கலாம். தனி ஆளின் முகவரியிலும் இந்தச் சந்தேகம் உண்டு. அதிகாரியின் பெட்டியைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பவர் அவருடைய உதவியாளராக இருப்பது நம் அலுவலகங்களில் சாதாரணம். அதனால்தான் பொருள் வரியில் மேலாளரின் பெயரோ ‘பாலியல்’ என்ற சொல்லோ வேண்டாம் என்று சொல்வேன். ‘குழுத் தலைவரின் பார்வைக்கு மட்டும்’ என்பது போதும். கைபேசியின் பூட்டிய திரையில்கூட அந்த ஒரு வரி மின்னும்.

இப்போது Cc. தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து எடுத்த நகலின் பெயர்தான் இது. நகல் பெறுகிறவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும் என்பது பெறுநருக்குத் தெரிந்தால் போதும். அந்தக் கணக்கில்தான் நாம் முதலாளியின் பெயரை அங்கே எழுதுகிறோம். ஆனால் இந்த வகைப் புகாரில் முதலாளியின் முறை பின்னால் வருகிறது. குழு தொண்ணூறு நாளுக்குள் விசாரித்து முடித்து, அடுத்த பத்து நாளுக்குள் அறிக்கையை அவரிடம் கொடுக்கும். அதன்மேல் நடவடிக்கை எடுக்க அவருக்கு அறுபது நாள். முடிவை நிறைவேற்ற வேண்டியவர் முதல் நாளே ஒரு தரப்பை மட்டும் முழுதாகப் படித்துவிட்டார் என்றால், ‘முன்கூட்டியே என்னைத் தீர்மானித்துவிட்டார்கள்’ என்று மேலாளர் சொல்ல இடம் கிடைக்கிறது. விசாரணை முடியும்வரை இடமாற்றமோ விடுப்போ வேண்டும் என்றாலும் அதைக் குழுவிடம் எழுத்தில் கேட்டால் போதும். குழு முதலாளிக்குப் பரிந்துரைக்கும். முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் கதை வேறு. அப்போது கடிதம் அலுவலகத்துக்குள்ளேயே போகக் கூடாது, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் அந்தக் குழுதான்.

இரண்டு தோழிகள் விஷயம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புகார் கிடைத்த ஏழு வேலை நாளுக்குள் அதன் ஒரு பிரதியைக் குழு எதிர்த்தரப்புக்கு அனுப்பியாக வேண்டும். மின்னஞ்சலாக வந்த புகாரைத் தலைப்போடு அச்செடுத்தால், Cc வரியில் உள்ள இரண்டு பெயரும் அதே தாளில் மேலாளர் கைக்குப் போகும். அன்றிலிருந்து அவர்கள் கண்ணால் கண்ட சாட்சிகள் இல்லை, ‘சேர்ந்து எழுதியவர்கள்’. முழுப் புகாரையும் படித்துவிட்டுச் சொன்ன சாட்சியம் என்று அவர்கள் வார்த்தையின் எடையும் குறைந்துவிடும். சாட்சிகளின் பெயரும் முகவரியும் புகாரோடு வர வேண்டும் என்றுதான் விதியே சொல்கிறது. அதற்கான இடம் கடிதத்தின் உள்ளே, சாட்சிகள் பட்டியலில். தலைப்பில் அல்ல.

அப்படியானால் Cc வரியில் யாருமே வேண்டாமா? ஒருவர் வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் அலுவலகத்தைச் சாராத வெளி உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருப்பார், பெரும்பாலும் தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தவர். அவருடைய மின்னஞ்சல் பெட்டி நிறுவனத்தின் சர்வரில் இருக்காது. புகார் இன்ன தேதியில் வந்தது என்பதை அலுவலகத்துக்கு வெளியே அறிந்த ஒருவர் குழுவுக்குள்ளேயே இருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு நகல் சாட்சியாகிவிடும்.

Bcc வரிக்கு வருவோம். அதில் உள்ள பெயர் மற்றவர்கள் பெறும் பிரதியில் தெரியாது. ஆனால் அனுப்பியவரின் Sent பெட்டியில் அப்படியே இருக்கும், நிறுவனத்தின் சர்வர் பதிவேட்டிலும் அந்த முகவரிக்கு ஒரு பிரதி போன தடம் இருக்கும். அதைவிட ஆபத்து மறுமுனையில். கணவர் பதற்றத்தில் கைபேசியில் Reply all அழுத்தி ‘தைரியமா இரு’ என்று நாலு வார்த்தை எழுதினால், அது To, Cc வரியில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேரும். மறைவாக ஒருவர் படித்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நொடியில் வெளியாகும். ரகசியம் காக்கக் கேட்டு எழுதிய கடிதத்தையே ரகசியமாக இன்னொருவருக்கு அனுப்பினீர்களா என்ற கேள்வியை அந்தப் பெண் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். கணவரிடம் வீட்டில் உட்கார்ந்து பேசலாமே.

சொந்த ஜிமெயிலை Bcc வரியில் போட்டதற்கான காரணம், பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது. மிகச் சரியான எண்ணம். அலுவலகக் கணக்கை நிறுவனம் எந்த நாளும் முடக்கலாம். ஆனால் வழியைத் திருப்பிப் போட வேண்டும். புகாரைச் சொந்த ஜிமெயிலிலிருந்தே அனுப்பிவிட்டால் Sent பெட்டி நிரந்தரமாக அவருடையது, Bcc-க்கு வேலையே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: வாடிக்கையாளர் விவரம் உள்ள அலுவலகக் கோப்புகளைச் சொந்த முகவரிக்கு எடுத்துப் போவது தனிக் குற்றச்சாட்டாக மாறலாம். அவற்றை இணைக்காமல், எந்தத் தேதியிட்ட எந்த மெயில் என்று குறிப்பிட்டு, அலுவலகப் பதிவிலிருந்து வரவழைக்கும்படி குழுவைக் கேட்கலாம்.

Bcc உண்மையில் பயன்படும் இடம், ஒருவருக்கொருவர் தெரியக் கூடாத பலருக்கு ஒரே செய்தியை அனுப்புவது. அதையும் நம்பி இருக்க முடியாது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையை விசாரிக்க இங்கிலாந்தில் அமைத்த ஆணையம், 2017 பிப்ரவரி 27 அன்று 90 பேருக்கு Bcc-யில் சரியாகத்தான் அனுப்பியது. அதில் ஒரு பிழையைக் கண்டு திருத்தம் அனுப்பியபோது முகவரிகள் To வரியில் விழுந்துவிட்டன. ஒவ்வொருவரும் மற்றவர்களின் முகவரியைப் பார்த்தார்கள், பாதிக்கு மேற்பட்ட முகவரிகளில் முழுப் பெயர் இருந்தது. 2018-இல் தகவல் ஆணையர் 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். நம் ஊர்க் குழுக்களும் இதே இடத்தில்தான் சறுக்குகின்றன: மூன்று சாட்சிகளுக்கு விசாரணை அழைப்பை ஒரே மெயிலில் அனுப்பி, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துவிடுவது. மூன்று பேர் என்றால் மூன்று மெயில்.

அனுப்பிய பிறகு திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஜிமெயிலில் அதிகபட்சம் 30 நொடி. அவுட்லுக்கின் திரும்பப் பெறும் வசதி அதே நிறுவனத்தின் பெட்டிகளுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். இரண்டு எழுத்து அடித்ததும் மென்பொருளே முகவரியை நிரப்பும்போது, குழுத் தலைவரின் பெயரும் மேலாளரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் போதும், தவறு நடந்துவிடும். கடிதத்தை எழுதி, இணைப்புகளைச் சரிபார்த்த பிறகு, கடைசியாக முகவரியை நிரப்பச் சொல்கிறேன்.

ஆக, அந்தப் பெண்ணின் கடிதத்தில் மிஞ்சியது இவ்வளவுதான். To வரியில் குழுத் தலைவர். Cc வரியில் வெளி உறுப்பினர். Bcc காலி. அனுப்பியது அவருடைய சொந்த முகவரியிலிருந்து.

ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வரவில்லை என்றால், அப்போது முதலாளியின் பெயருக்கு இடம் வருகிறது. குழு வேலை செய்யத் தேவையான வசதியைச் செய்து தருவது அவருடைய கடமை, ஆகவே அவர் To வரியில். குழுத் தலைவரும் வெளி உறுப்பினரும் Cc வரியில். பழைய மெயிலை Forward செய்தால் புகார் முழுவதும் கீழே தொங்கிக்கொண்டு அவரிடம் போய்விடும். புதிதாகத் தொடங்கிய மெயிலில் இரண்டே வாக்கியம்: இன்ன தேதியில் குழுவிடம் ஒரு புகார் அளித்தேன், இன்றுவரை எனக்கு ஒப்புகை வரவில்லை.