காணொளிக் கால அளவும் தமிழ் விளக்கவுரையும்: திருவரங்கத்து இராசகோபுரக் காட்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முன்பே படத்தொகுப்பு முடிந்த பயணக் காணொளி ஒன்றிற்குத் தமிழில் பின்னணி விளக்கவுரை எழுதும்போது, காட்சியின் நீளத்தை மாற்ற இயலாது. உரையே காட்சிக்கு அடங்க வேண்டும். சொல்லெண்ணிக்கை கொண்டு இக்காலத்தை அளப்பது தமிழுக்குப் பொருந்தாது என்பதையும், ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் யாப்பு மரபு இதற்குத் துணையாகும் என்பதையும், தமிழ்த் தொடரமைப்பு காட்சியோடு முரணும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: விளக்கவுரை, கால அளவு, மாத்திரை, பெயரெச்சத் தொடர், திருவரங்கம்.

முன்னுரை

ஒரே படத்திற்குப் பல மொழிகளில் விளக்கவுரை அமைக்கும் வழக்கம் இந்தியாவிற்குப் புதியதன்று. 1948இல் அமைந்த பிலிம்ஸ் டிவிஷன் தன் ஆவணப்படங்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிட்டது. இன்று திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற ஊர்களைப் பற்றிய பயணக் காணொளிகள் பெரும்பாலும் ஆங்கில உரைக்கேற்பத் தொகுக்கப்பெற்று, அதன்பின் தமிழுக்கு வருகின்றன. அவ்வாறு வரும்போது எழும் மொழிச் சிக்கல்கள் மொழிபெயர்ப்பியலுக்கும் இலக்கணத்திற்கும் பொதுவானவை. அவற்றை இராசகோபுரத்தைக் காட்டும் 12 நொடிக் காட்சி ஒன்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. அக்காட்சி மாதிரிக்காக அமைத்துக்கொள்ளப்பட்டது. முதல் 4 நொடிகளில் கோபுரம் தொலைவிலிருந்து தெரிகிறது. அடுத்த 5 நொடிகளில் ஒளிப்படக்கருவி நிலைநிலையாக மேலேறிக் கலசங்களை அடைகிறது. இறுதி 3 நொடிகளில் கோபுரத்தின் கீழுள்ள கடைத்தெரு வருகிறது.

அளவைச் சிக்கல்

இக்காட்சிக்கான நேர்மொழிபெயர்ப்பு பின்வருமாறு அமைவதாகக் கொள்வோம்:

"விசயநகர மன்னர் காலத்தில் தொடங்கப்பெற்று, பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாது நின்று, 1987ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற, 236 அடி உயரமும் பதின்மூன்று நிலைகளும் கொண்ட திருவரங்கத்து இராசகோபுரம் தெற்கு வாயிலில் கம்பீரமாக எழுந்து நிற்கிறது."

ஆங்கில விளக்கவுரைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்று கணக்கிடுவர். அதாவது நொடிக்கு இரண்டரைச் சொல். மேற்கண்ட தொடரில் 24 சொற்களே உள்ளன. அக்கணக்கின்படி இது 9.6 நொடிகளில் முடிய வேண்டும். உண்மையில் முடியாது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லில் சேர்வதால், சொல் குறைந்தாலும் ஒலி குறைவதில்லை.

இதற்கு மாற்று நம் யாப்பிலேயே உள்ளது. கட்டளைக் கலித்துறையில் ஓரடிக்கு நேரசையில் தொடங்கின் 16, நிரையசையில் தொடங்கின் 17 என ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவது மரபு. அவ்வாறே உயிரும் உயிர்மெய்யும் மட்டும் எண்ணப்பட்டால் மேற்கண்ட தொடர் 102 எழுத்தாகிறது. வாசிப்பவரின் வேகத்தை முன்னதாக அளந்துகொள்ள வேண்டும். ஒற்று நீக்கி 100 எழுத்துள்ள பத்தியை அவர் இயல்பாக 20 நொடிகளில் வாசிப்பாராயின், அவர் வேகம் நொடிக்கு 5 எழுத்து. அவ்வேகத்தில் 102 எழுத்திற்கு 20.4 நொடிகள் வேண்டும், இருப்பதோ 12.

இவ்விடத்து எண்கள் தனியே கருதத்தக்கன. 1987ஆம் என்பது தாளில் சிறிதாகத் தோன்றினும், "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம்" என்று வாசிக்கையில் 13 எழுத்தாகி இரண்டரை நொடிக்கு மேல் கொள்கிறது. 236 என்பது "இருநூற்று முப்பத்தாறு" என 8 எழுத்து. எனவே வாசிப்புப் படியில் எண்களைச் சொல்லாலேயே எழுதி எண்ணுதல் வேண்டும்.

தொடரமைப்புச் சிக்கல்

நீளத்தினும் பெரிய சிக்கல் வரிசையில் உள்ளது. தமிழில் பெயரெச்ச அடைகள் பெயருக்கு முன்னும், முற்றுவினை இறுதியிலும் வருகின்றன. மேற்கண்ட தொடரில் "இராசகோபுரம்" என்னும் சொல்லுக்கு முன் 79 எழுத்துகள் உள்ளன. அச்சொல் ஒலிக்கத் தொடங்கும்போது ஏறத்தாழ 16 நொடிகள் கழிந்து, காட்சி வேறிடம் சென்றிருக்கும். பார்வையாளர் கோபுரத்தைக் காணும்போது அதன் பெயரைக் கேட்பதில்லை; பெயரைக் கேட்கும்போது கோபுரம் திரையில் இல்லை. வேகமாக வாசிப்பதால் இது தீராது. தொடரை உடைத்துப் பெயரை முதலில் வைத்தலே வழி.

சுருக்கமும் பொருட்பிழையும்

சுருக்கும்போது எதை விடுவது என்பதே அடுத்த வினா. எளிதில் தோன்றும் சுருக்கம் "1987இல் கட்டப்பட்டது" என்பது. இது காலத்திற்கு அடங்கினாலும் பொய்யாகும். விசயநகரக் காலத்தில் தொடங்கி நெடுங்காலம் முற்றுப்பெறாது நின்ற கோபுரம், அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் சீயரின் முயற்சியால் 1987இல் நிறைவுற்றது. ஒரு வினைச்சொல் மாறியதும் பல நூற்றாண்டு வரலாறு அழிகிறது. ஆகவே தொடக்கமும் நிறைவும் ஆகிய இரண்டும் விடத்தகாதன. உயரமோ காட்சியிலேயே தெரிகிறது. "கம்பீரமாக" என்பதும் அத்தகையதே. இவ்வடிப்படையில் திருத்திய வடிவம்:

முதற்காட்சி: "திருவரங்கத்தின் இராசகோபுரம்." (12 எழுத்து, 2.4 நொடி)

இரண்டாம் காட்சி: "பதின்மூன்று நிலைகள். விசயநகரக் காலத்தில் எழத் தொடங்கி," (21 எழுத்து, 4.2 நொடி)

மூன்றாம் காட்சி: "இருபதாம் நூற்றாண்டில் நிறைவுற்றது." (12 எழுத்து, 2.4 நொடி)

மொத்தம் 45 எழுத்து, 9 நொடி. எஞ்சும் 3 நொடிகள் நிறுத்தத்திற்கும் தெருவின் இயல்பொலிக்கும் உரியன. கருவி நிலைநிலையாக ஏறத் தொடங்கும்போதே "நிலைகள்" என்னும் சொல் அமைகிறது. துல்லியமான ஆண்டையும் உயரத்தையும் திரையெழுத்தாகத் தரலாம்.

மாத்திரையின் பயனும் எல்லையும்

எழுத்தெண்ணிக்கை ஒத்திருந்தாலும் ஒலிக்கும் காலம் ஒத்திராது. "திருவரங்கத்து", "இராசகோபுரம்" ஆகிய இரண்டும் ஆறெழுத்துச் சொற்களே. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய்யும் குற்றியலுகரமும் அரை என்னும் தொல்காப்பிய அளவையால் முன்னது ஆறரை மாத்திரை, பின்னது எட்டரை மாத்திரை. நெடில் மிக்க தொடர் நீளும் என்பதை இவ்வளவை முன்கூட்டியே உணர்த்துகிறது. மேலுள்ள மூன்றாம் காட்சித் தொடரில் "தாம்", "நூற்", "றாண்" என நெடில்கள் செறிந்திருப்பதால் அதுவே ஐயத்திற்குரிய இடம். அங்கு நீண்டால் "நம் காலத்தில் நிறைவுற்றது" என 9 எழுத்தாக மாற்றலாம். எனினும் பேச்சில் நெடில் எப்போதும் குறிலின் இருமடங்காக ஒலிப்பதில்லை. ஆதலால் மாத்திரை ஒப்பிடப் பயன்படுமேயன்றி நொடியாக மாற்றப் பயன்படாது.

இறுதித் தேர்வு செவியே. வாசிப்பவர் முற்றுப்புள்ளியில் நிற்காது செல்லுதல், இறுதி வினையின் விகுதி தேய்தல், ரகர றகரம் மயங்குதல் ஆகிய மூன்றும் உரை நீண்டுள்ளதற்கான அடையாளங்கள். இந்நிலையில் பதிவைக் கணினியில் விரைவுபடுத்தினால் வல்லின ஒற்றுகள் மேலும் மங்கும். உரையையே மீண்டும் குறைத்தல் தகும்.

முடிவுரை

காட்சிக்கேற்ப விளக்கவுரை எழுதுவோர் ஒற்று நீக்கி எழுத்தெண்ணி நீளத்தையும், பெயரை முன்வைத்து வரிசையையும், மாத்திரையால் ஐயத்திற்குரிய இடத்தையும் அறியலாம். திருவரங்கம், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, திருச்சி, காவிரி, பொன்னி என நீளம் வேறுபட்ட இணைப்பெயர்கள் இவ்வூர்களுக்கும் ஆற்றுக்கும் உள்ளமை எழுதுவோர்க்குக் கூடுதல் வாய்ப்பு. ஆயின் வினைச்சொல்லில் அத்தகைய உரிமை இல்லை. "நிறைவுற்றது" என்பதற்குக் "கட்டப்பட்டது" இணையாகாது.