முகூர்த்தம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும்?

ஆவணியில் வைத்த கல்யாணம். இன்னும் 12 நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா காலமாகிவிடுகிறார். பதினாறாம் நாள் காரியம் முடியுமுன் முகூர்த்தம் வந்துவிடும். பெரியவர்கள் கூடிப் பேசி, தையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறார்கள். போட்டோகிராபருக்கும் சமையல் காண்ட்ராக்டருக்கும் அட்வான்ஸ் கொடுத்தவர் பெண்ணின் அப்பா. அவர்களிடம் சொல்ல வேண்டியவரும் அவரே. தமிழ்நாட்டில் அடிக்கடி நடப்பதுதான் என்பதால் இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் மண்டபத்துக்கு உடனே போன் போய்விடும். பிறகு பத்திரிகை வாங்கிய சொந்தபந்தங்களுக்கு. போட்டோகாரரும் மாஸ்டரும் ஞாபகத்துக்கு வர மூன்று நாள் ஆகிவிடும். அட்வான்ஸில் ஓட்டை விழுவது இந்த மூன்று நாளில்தான்.

போட்டோகிராபர் விற்பது தேதியை. ஒரு முகூர்த்த நாளை உங்களுக்கு என்று எழுதிவைத்தபின், அதே நாளுக்குக் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருப்பார். கேண்டிட் எடுப்பவர், ட்ரோன் வைத்திருப்பவர் என்று வெளி ஆட்களுக்கும் அந்த நாளைச் சொல்லிவைத்திருப்பார். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அந்த நாளுக்கு வேறு வேலை பிடிக்க அவருக்கு அவ்வளவு வாய்ப்பு. 12 நாள் முன்னால் சொன்னால் ஒரு காதுகுத்தோ, வளைகாப்போ, மற்றொரு ஸ்டூடியோவுக்கு உதவியாகப் போகும் வேலையோ கிடைக்கலாம். இரண்டு நாள் முன்னால் சொன்னால் அன்று வீட்டில்தான் உட்கார வேண்டும்.

சமையல்காரரின் கதை வேறு. அவருக்கும் தேதி முக்கியம்தான். ஆனால் பெரிய முகூர்த்தத்தில் இரண்டு மூன்று மண்டபங்களை ஒரே நேரத்தில் பார்க்கிற மாஸ்டர்கள் உண்டு. அவருக்கு நஷ்டம் சரக்கில் வரும், அதுவும் கடைசி வாரத்தில்தான் வரும். முதலில் கை வைப்பது சீர் பட்சணம்: லட்டு, முறுக்கு, அதிரசம் எல்லாம் நாலைந்து நாள் முன்பே போட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்து காய்கறி, இலைக்கட்டு, பால், தயிர். மளிகை முன்கூட்டியே வந்து இறங்கினாலும் பயமில்லை. அரிசியும் பருப்பும் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். கெட்டுப்போகிற சரக்குக்குத்தான் மாற்று வழி கிடையாது. ஆகவே 12 நாள் முன்னால் சொல்லும்போது மாஸ்டர் இழந்தது மிகக் குறைவு. நம் உதாரணத்தில் முதல் போன் போட்டோகிராபருக்கு. கல்யாணத்துக்கு நான்கே நாள் இருந்தால் முதல் போன் மாஸ்டருக்கு, அதுவும் அதே மணி நேரத்தில்.

போனில் எப்படித் தொடங்குவது? ‘அட்வான்ஸைத் திருப்பித் தருவீங்களா?’ என்று கேட்டுவிட்டால், கல்யாணமே நின்றுவிட்டது என்று எதிராளி எடுத்துக்கொள்வார். பேச்சு அங்கேயே முறுகும். இப்படிப் பேசலாம்:

“தம்பி, மாப்பிள்ளை வீட்டுல ஒரு துக்கம். கல்யாணம் நிக்கல, தைக்குத் தள்ளிப்போகுது. ஜோசியர் மூணு தேதி குறிச்சுக் கொடுத்திருக்காரு. உங்களுக்கு எது காலியா இருக்குன்னு சொல்லுங்க, மண்டபத்தையும் பார்த்துட்டு முடிவு பண்றோம்.”

மூன்று தேதி கையில் இருக்கும்போது பேசுவதுதான் இதில் சூட்சுமம். தேதியை முடித்துவிட்டு, ‘அன்னிக்கு வந்துடுங்க’ என்றால், அவர் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கக்கூடும். ‘தேதி அப்புறம் சொல்றோம்’ என்று விடுவது அதைவிட மோசம். ஆறு மாதம் கழித்துப் பேசும்போது அந்த அட்வான்ஸ் பழைய கணக்காகியிருக்கும். தேதி நிஜமாகவே தெரியாது என்றால், எந்த மாதம் வரை அட்வான்ஸ் செல்லும் என்பதையாவது கேட்டு வாங்கிவிடுங்கள்.

இப்போது தொகைக்கு வருவோம். போட்டோ, வீடியோ, ஆல்பம் சேர்த்து 1,20,000 ரூபாய் பேசி, 40,000 கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிச்சயதார்த்தம் அந்தப் பேக்கேஜிலேயே எடுத்து முடிந்துவிட்டது. அதன் மதிப்பு 15,000. கேண்டிட் எடுப்பவருக்கு ஸ்டூடியோ முன்பணமாக 5,000 கொடுத்துவிட்டது. ஆக 20,000 அவருடையது என்பதில் சண்டை இல்லை. மீதி 20,000தான் பேச வேண்டிய தொகை. தையில் அவரே எடுத்தால் முழு 40,000-மும் அப்படியே கணக்கில் நிற்க வேண்டும். ‘பழைய தேதி வீணாச்சு, அதுக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கறேன்’ என்று சொன்னால், ‘அந்த நாளுக்கு வேற வேலை கிடைச்சா பிடிக்காதீங்க’ என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் கிடைக்கவே இல்லை என்றால் ஒரு சிறு தொகையை விட்டுக்கொடுப்பதும் நியாயம்தான் என்பேன்.

மாஸ்டரிடம் கவனம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். முகூர்த்தச் சாப்பாடு 500 இலை, இலைக்கு 300. ரிசப்ஷன் 600 இலை, இலைக்கு 400. மொத்தம் 3,90,000. அட்வான்ஸ் 75,000. ‘அட்வான்ஸ் எங்கேயும் போகாதுங்க’ என்று மாஸ்டர் பெருந்தன்மையாகச் சொல்வார், உண்மையாகவும் சொல்வார். தை வந்ததும், எண்ணெயும் பருப்பும் ஏறிவிட்டது என்று இலைக்கு 20 ரூபாய் கூட்டினால் 22,000 போய்விடும். அட்வான்ஸைக் காப்பாற்றிவிட்டு ரேட்டில் விட்டவர்கள் நிறையப் பேர்.

“மாஸ்டர், அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். பேசின ரேட் தைக்கும் அதேதானா? ஏறும்னா இப்பவே சொல்லிடுங்க” என்று அன்றே கேட்டுவிட வேண்டும். ஐந்து மாதம் ஒரே விலையில் நிற்கச் சொல்வது எல்லாராலும் முடியாது. அப்படியானால் கூடுதல் எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு பேசலாம், அல்லது மெனுவில் ஓர் இனிப்பைக் குறைக்கலாம். மளிகையை நீங்களே வாங்கித் தந்து, சமையல் கூலி மட்டும் பேசியிருந்தால் இந்தத் தலைவலி கிடையாது. கூலியை மட்டும் உறுதிசெய்தால் போதும்.

சமையல் அட்வான்ஸ் பல வீடுகளில் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்ததாக இருக்கும். மாஸ்டரின் நோட்டில் ஒரு வரி. உங்களிடம் ரசீது இருக்காது. அதனால் பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ‘மாஸ்டர், ஆவணிக் கல்யாணம் தைக்கு மாறியிருக்கு. கொடுத்த அட்வான்ஸ் 75,000 புதுத் தேதிக்குச் செல்லும்னு சொன்னீங்க. இலைக்கு 300, 400 ரேட்ல மாற்றம் இல்லை. சரிதானே?’ அவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதுவே ஆதாரம்.

பேச்சு முறிந்தால் சட்டம் என்ன சொல்கிறது? பில்லின் அடியில் ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருப்பதாலேயே முழுத் தொகையும் போய்விடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74-இன்படி, ஒப்பந்தத்தை மீறினால் கிடைப்பது நியாயமான இழப்பீடு. இழப்பே இல்லாத இடத்தில் அந்தப் பிரிவைக் காட்டிப் பணம் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு வழக்கில் தெளிவாக்கியது. இருவரும் ஒத்துத் தேதியை மாற்றினால் பிரிவு 62-இன்படி பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதியது வருகிறது. மேலே சொன்ன வாட்ஸ்அப் செய்தி இங்கே கைகொடுக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் 20,000 ரூபாய்க்காக அலைவதற்கு முன், இரு தரப்புக்கும் தெரிந்த ஒரு பெரியவரை உட்காரவைத்துப் பேசுவது விரைவில் முடியும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மண்டபம் கிடைத்த ஒரே தேதியில் போட்டோகிராபருக்கு வேறு கல்யாணம். தேதியை மாற்றியது நீங்கள் என்பதால், முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கும்போது உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் தங்களுக்குள் வேலை மாற்றிக்கொள்வது வழக்கம். ‘உங்க சார்பா ஆள் அனுப்புங்க, அட்வான்ஸ் அதுலேயே கழியட்டும்’ என்று கேளுங்கள். வருகிறவர் எடுத்த கல்யாண ஆல்பம் ஒன்றையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.