பேதியாக வந்த மலச்சிக்கல்

“அஞ்சு நாளா நிக்கவே இல்லை டாக்டர். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது டயப்பர் மாத்தறோம்.” போனில் பேசிய மகளின் குரலே அவர் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னது. அம்மாவுக்கு 79 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் மேல்முனை முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. லூஸ் மோஷன் என்று சொல்லி மருந்துக்கடையில் லோபராமைடு வாங்கி மூன்று நாளாகக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஓஆர்எஸ், மோர், குழைந்த சாதம். கீரையையும் பழத்தையும் நிறுத்திவிட்டார்கள். பேதி என்றால் எந்த வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு வந்திருந்தது பேதி அல்ல.

வீட்டுக்குப் போவதற்கு முன் போனிலேயே மூன்று கேள்விகள் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது? “கொஞ்சம்தான், ஒரு கரண்டி இருக்கும். பழுப்புத் தண்ணி. ஆனா நாத்தம் தாங்கலை.” போவது அம்மாவுக்குத் தெரிகிறதா? “இல்லை டாக்டர், நாங்க பார்த்துச் சொன்னாத்தான் அவங்களுக்கே தெரியுது.” கடைசியாக உருவமாக, கெட்டியாக எப்போது போனார்? மறுமுனையில் அமைதி. பிறகு யாரிடமோ கேட்கும் சத்தம். கடைசியில், “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல சின்னச் சின்னப் புழுக்கையா போனாங்க. அப்புறம் ஞாபகம் இல்லை” என்றார்.

நிஜமான பேதியில் போவது அளவில் நிறைய இருக்கும். வயிறு முறுக்கும், அவசரமாக வரும், வருவது நோயாளிக்குத் தெரியும். ஒரு கரண்டி, இரண்டு கரண்டியாக நாள் முழுவதும் தெரியாமலே கசிகிறது, அதற்கு முன் பல நாள் ஒழுங்காகப் போகவே இல்லை என்றால், நடமாட்டம் குறைந்த முதியவரிடம் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைப்பைத்தான்.

நேரில் பார்த்தபோது சந்தேகம் இன்னும் பலப்பட்டது. வயிறு உப்பியிருந்தது. இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், எழுந்து உட்காரப் பார்க்கிறார் என்றார்கள். அடிவயிற்றைத் தொட்டால் சிறுநீர்ப்பை நிறைந்து கல்போல் கைக்குத் தட்டுப்பட்டது. சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கையுறை போட்ட விரலில் ஜெல்லி தடவி ஆசனவாய் வழியே மெல்லச் செலுத்தினேன். இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை. காய்ந்த களிமண் உருண்டைபோல ஒன்று விரல்நுனியில் இடித்தது. அந்த உருண்டைக்கும் குடல் சுவருக்கும் இடையில்தான் அந்தப் பழுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

இது எப்படி நேர்கிறது? சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீர்த்த கலவை வந்து சேர்கிறது. பெருங்குடல் அதில் பெரும்பகுதி நீரை உறிஞ்சிக்கொள்ள, மிஞ்சுவது மலமாகிறது. அது எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவு காய்ந்துபோகும். பெருங்குடலின் கடைசி 12 முதல் 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். அங்கே வந்து தேங்கிய மலம் நாள் செல்லச்செல்ல இறுகி, ஆசனவாய் வழியே வெளியே வர முடியாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது. மேலே புதிதாக வருகிற நீர்த்த மலம் எங்கே போகும்? வாய்க்காலில் பாறாங்கல் விழுந்தால் தண்ணீர் பக்கவாட்டில் வழி தேடிக்கொள்வதைப்போல, கட்டியின் ஓரமாகக் கசிந்து இறங்குகிறது. கட்டி உராய்ந்து புண்படுத்திய குடல் சுவரிலிருந்து சுரக்கும் சளியும் அதோடு சேர்கிறது.

அவருக்கே ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. மலக்குடல் நிறைந்ததும் ஆசனவாயின் உள்வளையத் தசை தானாகத் தளரும். வெளிவளையத் தசையை நாம் விரும்பி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம், அதனால்தான் கழிப்பறை வரை அடக்கிப் போக முடிகிறது. மலக்குடல் எப்போதும் கட்டியால் விரிந்தே கிடந்தால் உள்வளையம் எப்போதும் தளர்ந்தே இருக்கும். விரிந்து விரிந்து உணர்ச்சியும் மங்கிப்போகும். ‘வருகிறது’ என்ற செய்தியே வராதபோது எதை அடக்குவது? பிள்ளைகள் “சொல்லக் கூடாதா அம்மா?” என்று கடிந்துகொள்வது இங்கே கொஞ்சமும் நியாயமில்லை.

பெருத்த கட்டி முன்னால் இருக்கும் சிறுநீர் வழியையும் அழுத்தும். அவருக்குச் சிறுநீர் தேங்கியது அதனால்தான். வலியைச் சொல்லத் தெரியாத முதியவரிடம் மலத்தேக்கமும் சிறுநீர்த் தேக்கமும் குழம்பிய பேச்சாகவும் படபடப்பாகவும்கூட வெளிப்படும். வீட்டில் இருப்பவர்கள் மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவார்கள்.

கட்டி எப்படிச் சேர்ந்தது என்று மாத்திரைப் பையைத் திறந்து பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிட்டது. வலிக்கு டிரமடால், அது குடலின் அசைவை மந்தமாக்கும். ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம், இரண்டுமே மலத்தை இறுக்கும். மீதிக் கதையை அந்த அம்மாவே சொன்னார். ராத்திரியில் மகளை எழுப்பக் கூடாது என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லையாம். பகலில் உணர்ச்சி வந்தாலும் படுத்தபடி பெட்பேனில் போகக் கூச்சப்பட்டு அடக்கியிருக்கிறார். அடக்க அடக்க அந்த உணர்ச்சி வருவதே குறைந்துவிட்டது. இதற்கு மேல் லோபராமைடு. அசைவு குறைந்த குடலை அது இன்னும் அசையவிடாமல் செய்யும். கசிவு ஒரு நாள் நின்றதுபோலத் தெரிந்திருக்கும், உள்ளே கட்டி வளர்ந்திருக்கும்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். கீழே அடைத்திருப்பதை எடுக்காமல் மேலிருந்து குடலை முடுக்கும் பேதி மாத்திரையைக் கொடுத்தால், மூடிய கதவில் மோதுவதுபோல வயிறு முறுக்கும், வாந்தி வரும். இசப்கோல் இன்னும் மோசம். அது நீரை வாங்கி ஊதுகிற பொருள், அடைப்பின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றிவிடும். மலச்சிக்கலுக்கு நல்ல மருந்துதானே என்று நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டு அல்லாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்று மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லியைத் தடவிச் சில நிமிடம் காத்திருந்து, ஒரு விரலால் கட்டியை நடுவில் உடைத்துத் துண்டு துண்டாக எடுத்தோம். ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. மகள் அம்மாவின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மலக்குடலை அதிகம் தூண்டினால் சிலருக்கு இதயத் துடிப்பு மந்தமாகி மயக்கம் வரும். நாடி தளர்ந்தபோது இரண்டு முறை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தோம். இதை வீட்டார் தாமாகச் செய்யக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும், முதியவர்களின் குடல் சுவர் எளிதில் கிழியும் என்பதும் காரணம். மேலே எஞ்சியிருந்ததை இளக்கக் கிளிசரின் எனிமா கொடுத்தோம். மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவை நான் தவிர்த்தேன். முதுமையில், அதுவும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், அதிலுள்ள உப்பு உடலில் ஏறி ஆபத்தாகலாம். அன்று இரவே சிறுநீர் தாராளமாகப் போனது.

அடைப்பு எடுபட்ட பிறகுதான் வாய்வழி மருந்து. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூள் குடலில் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். எடுக்க முடியாத அடைப்புக்கு அதையே ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு பாக்கெட் வரை கரைத்து ஆறு மணி நேரத்துக்குள் குடிக்கவைக்கும் முறையும் உண்டு. ஆனால் அது மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. இதயம் பலவீனமானவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் கொடுப்பார்கள். இந்த அம்மாவுக்குக் கீழ்ப்பகுதி காலியாகியிருந்ததால் காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர் போதுமாக இருந்தது. முதல் இரண்டு நாள் கசிவு கூடும், அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். அப்படியும் மறுநாள் போன் வந்தது. பேதி போகிறவருக்கு மலமிளக்கி கொடுப்பதை மனம் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாம் நாள் உருவமாகப் போனார். நான்காம் நாள் டயப்பரில் கறை மட்டும். பேச்சும் அந்த வாரத்திலேயே தெளிந்தது.

எல்லாக் கசிவும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. விரலால் பார்க்கும்போது மலக்குடல் காலியாக இருந்தால், கட்டி விரலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம், அதற்கு வயிற்று எக்ஸ்ரே உதவும். அல்லது அது உண்மையான பேதியாகவே இருக்கலாம், குறிப்பாக அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரிடம். வயிறு பலகைபோல இறுகிக் கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ ரத்தமோ தெரிந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டி அழுத்திய இடத்தில் குடல் புண்ணாகி ஓட்டை விழுவதும் உண்டு. சில மாதமாக மலம் போகும் பழக்கமே மாறி, எடையும் குறைந்திருந்தால், அடைப்பை எடுத்ததோடு விடாமல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கட்டி மறுபடி சேர்வதுதான் இதில் பெரிய தொல்லை. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். அதுவரை தூளை நிறுத்தக் கூடாது, அளவை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். அறுவை செய்த மருத்துவரிடம் பேசி டிரமடாலைப் படிப்படியாகக் குறைத்து, பாராசிட்டமாலுக்கு மாற்றினோம். கைப்பிடி வைத்த கமோடு நாற்காலி ஒன்றைக் கட்டிலருகே போட்டார்கள். காலையில் காபி, டிபன் ஆனதும் குடல் தானாக அசையும், அந்த அரை மணிக்குள் உட்காரவைக்க வேண்டும். அவர் உயரம் குறைவானவர், நாற்காலியில் கால் தொங்கியது. கீழே ஒரு முக்காலி வைத்ததும் முக்குவது எளிதானது. இடுப்பு அறுவை ஆனவர் என்பதால் அது உயரம் குறைந்த முக்காலி, முழங்கால் இடுப்புக்கு மேல் போகாத அளவு.

போன வழியை இனி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், எழுதுங்கள் என்று ஒரு நோட்டு போடச் சொன்னேன். தேதி, எவ்வளவு, எப்படி: புழுக்கையா, பழம்போலவா, தண்ணீரா. ஆறு வாரம் கழித்து மகள் மறுபடி அழைத்தார். நான் எதுவும் கேட்பதற்குள், “செவ்வாய்க்கிழமை நல்லா போனாங்க டாக்டர். அப்புறம் மூணு நாளா ஒண்ணும் இல்லை. இன்னிக்கு டயப்பர்ல லேசா கறை. தூளை ரெண்டு வேளை ஆக்கவா, இல்லை நீங்க வந்து விரல் வச்சுப் பார்த்துடறீங்களா?” என்றார். பார்த்துவிட்டே சொல்கிறேன் என்று கிளம்பினேன்.