உஷார்! ஸ்டியரிங்குக்குள் பழைய வெடி இருக்கலாம்

2014 செப்டம்பர் கடைசியில், அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஒரு கார் விபத்து. ஓட்டி வந்த பெண்ணின் கழுத்தில் ஆழமான வெட்டுக்காயங்கள். யாரோ கத்தியால் குத்தியிருக்கிறார்கள் என்றே போலீஸ் முதலில் சந்தேகப்பட்டது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. கார் கம்பெனி அனுப்பியது: ‘உங்கள் 2001 ஹோண்டா அக்கார்டின் ஏர்பேக்கில் கோளாறு இருக்கிறது. இலவசமாக மாற்றித் தருகிறோம், வண்டியைக் கொண்டு வாருங்கள்.’

அதே கோளாறுள்ள பொருள் இங்கேயும் விற்ற கார்களில் போனது. உங்களுக்குத் தபால் வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ரீகால் கடிதம், கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிற முகவரிக்குத்தான் போகும். வண்டி மூன்றாவது கைக்கு வந்திருந்தால், கடிதம் முதல் ஓனர் என்றோ காலி செய்த வாடகை வீட்டு வாசலில் கிடந்திருக்கும்.

கோளாறு இதுதான். ஏர்பேக்குக்குப் பின்னால், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் உலோக டப்பா உண்டு. இன்ஃப்ளேட்டர் என்பார்கள். அதற்குள் மருந்து வில்லைகள் அடுக்கியிருக்கும். மோதியதும் அவை பற்றி, வாயுவாக மாறி, கண் இமைப்பதற்குள் பையை நிரப்ப வேண்டும். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் இந்த வில்லைகளை அமோனியம் நைட்ரேட்டில் செய்தது. விலை மலிவு, ஆனால் ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருளையும் பெரும்பாலான டப்பாக்களில் அவர்கள் சேர்க்கவில்லை.

பகலில் வெயிலில் நிற்கும் கார் உள்ளே கொதிக்கும், இரவில் ஆறும். இப்படி வருடக்கணக்கில் சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டதில் வில்லை உப்பி, உள்ளே பொடிப்பொடியாக நுண்துளைகள் விழுந்துவிடுகின்றன. முழு விறகு நின்று எரியும். அதையே சிராயாகப் பிளந்து போட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் அல்லவா, அதே கதைதான். மருந்து அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, டப்பா அழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. பையைக் கிழித்துக்கொண்டு உலோகச் சில்லுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் பாய்கின்றன. பெரிய மோதல்கூடத் தேவையில்லை. ஏர்பேக் விரிகிற அளவுக்கு இடித்தால் போதும்.

அமெரிக்காவில் புளோரிடா, டெக்சாஸ் போன்ற புழுக்கமான கடலோர மாநிலங்களைத்தான் முதல் அபாயப் பட்டியலில் வைத்தார்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொழும்பு வெயிலில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மலேசியாவிலும், அதே 2014 ஜூலையில், 2003ஆம் வருட ஹோண்டா சிட்டி ஓட்டி வந்த கர்ப்பிணி ஒருவர் இப்படித்தான் இறந்தார். பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2025 ஜூனில் பிரான்சின் ரான்ஸ் நகரில் ஒரு சிட்ரோவன் சி3 காரில் இன்னோர் உயிர் போனது. பாரீஸ் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

‘டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டார். அந்த விளக்கு, மின்சாரச் சுற்று சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். மருந்து கெட்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா டப்பாவும் வெடிப்பதில்லை, நிறைய டப்பாக்கள் ஒழுங்காகவே வேலை செய்யும். எது வெடிக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லாததால்தான் மொத்தமாகத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே நம்ப வேண்டியது சேசிஸ் நம்பரை மட்டும்தான். ஓர் உதாரணம் பார்ப்போம். 2012இல் தயாரான ஹோண்டா சிட்டியை ஒருவர் இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார். ஹோண்டா 2017 ஜனவரியில் இந்தியாவில் 41,580 கார்களைத் திரும்பக் கூப்பிட்டது; 2012இல் செய்த அக்கார்ட், சிவிக், சிட்டி, ஜாஸ் அதில் அடக்கம். அடுத்த ஜனவரியில் 2013 தயாரிப்பில் 22,834 கார்கள். இதற்கு முன்பும் வேறு வருடங்களின் வண்டிகளைக் கூப்பிட்டார்கள். வருடமும் மாடலும் ஒத்துப்போகிறது என்பது சந்தேகப்படப் போதும், முடிவு கட்டப் போதாது. ஆர்.சி. புக்கை எடுத்து அதிலுள்ள 17 எழுத்து-எண்ணைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் செய்த ஹோண்டா காரென்றால் அது MAK என்று தொடங்கும். அதில் I, O, Q என்ற எழுத்துகள் வராது; வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம்தான். இதைத் தவறாக அடித்துவிட்டு ‘என் வண்டி பட்டியலில் இல்லை’ என்று திரும்புகிறவர்கள் உண்டு. வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒன்றுதானா என்றும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

அந்த எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அடித்துப் பார்க்கலாம். இணையம் வசப்படாதவர்கள் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் போதும். வண்டியை அங்கேதான் வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை, எத்தனையாவது ஓனர் என்பதும் பிரச்சினையில்லை. பட்டியலில் இருந்தால் டிரைவர் பக்கமா, பக்கத்து சீட்டா, இரண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாகம் கையிருப்பில் இருந்தால் சில மணி நேர வேலைதான், இலவசம். இதோடு சேர்த்து ‘ஜெனரல் செக்-அப்’ என்று பில்லை நீட்டினால், அது தனி; ரீகாலுக்காக அதைச் செய்தே தீர வேண்டியதில்லை. ஜாப் கார்டில் ‘ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் மாற்றப்பட்டது’ என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். நாளை வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்க வேண்டிய காகிதம் அது.

பாகம் வரவில்லை, காத்திருங்கள் என்றால்? பக்கத்து சீட்டு ஏர்பேக் மட்டும் பட்டியலில் இருந்தால் அந்த சீட்டைக் காலியாக விடுங்கள். டிரைவர் பக்கம் என்றால், மாற்றும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. நீங்களாக வயரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அந்தப் பை மின்பொறி பட்டால் விரிவதற்கென்றே செய்தது. புதுப்பேட்டையில் பழைய ஸ்டியரிங் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்ற யோசனை இன்னும் மோசம். 2017இல் லாஸ் வேகாஸில் ஓர் இளம்பெண் கழுத்தில் சில்லு பாய்ந்து உயிர் பிழைத்தார். அவர் காரில் இருந்தது, அடிபட்ட வேறொரு அக்கார்டிலிருந்து கழற்றி மாட்டிய தகாட்டா பை.

இலங்கை வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிலிருந்து நேரே இறக்கிய பழைய கார்களில் 17 எழுத்து எண் இருக்காது. ஃபிரேம் நம்பர் என்று, நடுவில் ஒரு கோடு போட்டு, GD1- என்பதுபோல் ஒரு மாடல் குறியீட்டில் தொடங்கும். இதை இங்கத்திய பக்கத்தில் அடித்தால் எதுவும் வராது. கம்பெனியின் ஜப்பான் ரீகால் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

‘நான் அன்றைக்கே பார்த்தேன், என் வண்டி இல்லை’ என்கிறவர்களுக்கு: 2008 நவம்பரில் ஹோண்டா முதன்முதலாகக் கூப்பிட்டது ஏறக்குறைய 4,000 கார்களை மட்டுமே. அமெரிக்காவில் மட்டும், எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்து, அந்தக் கணக்கு பின்னால் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகளுக்கு வளர்ந்தது. ஆரம்பத்தில் மாற்றிய சிலவற்றில் அதே தகாட்டா சரக்கையே புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அவற்றையும் திரும்ப மாற்ற வேண்டி வந்தது. அதனால் ஏற்கெனவே பார்த்தவர்களும், மாற்றியவர்களும், அந்த 17 எழுத்தை இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள்.