உறைந்த கணினியில் பைத்தான் தங்க வேண்டுமானால்

திங்கட்கிழமை மாலை ஆசிரியர் ஆய்வகக் கணினிகளில் பைத்தான் நிறுவிவிட்டுப் போகிறார். செவ்வாய்க்கிழமை காலை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் திறந்தால் அது இருந்த சுவடே இல்லை. யாரும் அழிக்கவில்லை. டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் தன் வேலையைச் செய்திருக்கிறது.

அது சி டிரைவை உறைய வைக்கிறது. நாம் புதிதாகப் பதிவதெல்லாம் வட்டின் வேறொரு மூலைக்குத் திருப்பிவிடப்படும். மறுதொடக்கத்தில் அந்தப் பதிவுகளைக் கணினி மறந்துவிடும். அன்றாடக் குறிப்பில் எழுதிய வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றாமல் விட்டது போலத்தான். நிறுவியது நிலைக்க வேண்டுமானால், முதலில் உறைவை விலக்க வேண்டும்.

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி, திரையின் கீழ்மூலையில் இருக்கும் பனிக்கரடிச் சின்னத்தை இரட்டைச் சொடுக்கு செய்யுங்கள். கடவுச்சொல் கேட்கும், அது ஆய்வகப் பொறுப்பாளரிடம் இருக்கும். உள்ளே மூன்று தேர்வுகள் உண்டு: Boot Frozen, Boot Thawed, குறிப்பிட்ட எண்ணிக்கை மறுதொடக்கங்களுக்கு மட்டும் உறைவு நீங்கும் Boot Thawed on next. பலரும் மூன்றாவதில் 1 என்று போட்டு ஏமாறுகிறார்கள். சில மென்பொருள்கள் கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்த பிறகே நிறுவலை முடிக்கும். அப்போது கணினி மறுபடி உறைந்திருக்கும். மீதி வேலை ஒவ்வொரு முறையும் தொடங்கி, ஒவ்வொரு முறையும் மறைந்துபோகும். ஆகவே Boot Thawed-ஐத் தேர்ந்து, வேலை முடிந்ததும் நாமே உறைய வைப்பதுதான் நல்லது. மறுதொடக்கத்துக்குப் பின் கரடியின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி மின்னினால் உறைவு நீங்கிவிட்டது என்று பொருள்.

பைத்தானில் இன்னொரு பொறி இருக்கிறது. Install Now என்று அழுத்தினால், அது நிறுவியவரின் கணக்குக்குள் மட்டுமே அமரும். ஆசிரியரின் கணக்கில் ஓடும். மாணவர் கணக்கில் காணாது. இதையும் டீப் ஃப்ரீஸ் தலையில் போட்டுவிடுவது வழக்கம். Customize installation வழியே சென்று, எல்லாப் பயனருக்கும் நிறுவும் கட்டத்தில் குறியிடுங்கள். அப்போது அது C:\Program Files கோப்புறைக்குள் போகும். உறைவு நீங்கியிருக்கும்போதே ஒருமுறை மறுதொடக்கம் செய்து, மாணவர் கணக்கில் நுழைந்து, கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்.

```
py --version
```

பதிப்பு எண் வந்தால் Boot Frozen கொடுத்து மறுதொடக்கம் செய்யலாம். பிறகு இன்னொரு முறை அணைத்துத் திறந்து, அதே கட்டளையை மீண்டும் இடுங்கள். இப்போதும் எண் வந்தால் நிறுவல் நிலைத்துவிட்டது.

மாணவர்கள் எழுதும் நிரல்கள் உறைந்த டிரைவில் தங்காது. அவற்றுக்கு உறையாத தா ஸ்பேஸ் டிரைவையோ பென் டிரைவையோ ஒதுக்குங்கள். ஆனால் உறைவு நீங்கியிருக்கும் நேரத்தில் எந்த மாணவரின் பென் டிரைவையும் செருக விடாதீர்கள். அப்போது புகுந்த வைரஸும் பைத்தானைப் போலவே நிலைத்துவிடும்.