எப்போது ராஜினாமா கொடுக்கலாம்?

பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: "பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவத் தகுதி, சான்றிதழ்கள் ஆகியவை நிறுவனத்துக்குத் திருப்தியாக அமைவதற்கு உட்பட்டே இந்த நியமனம்." சம்பளத்தையும் பதவியையும் பார்த்த சந்தோஷத்தில் பலரும் இந்த வரியைக் கடந்துபோய்விடுகிறார்கள். மறுநாளே பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து, "உங்கள் சரிபார்ப்பு அறிக்கையில் சிக்கல்" என்று ஒரு மெயில் வருகிறது. அப்போது கையில் பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு நிகழ்வைச் சார்ந்து போட்ட ஒப்பந்தத்தை, அந்த நிகழ்வு நடக்கும்வரை செயல்படுத்தச் சொல்லிக் கேட்க முடியாது என்கிறது அதன் 32-ஆம் பிரிவு. ஆகவே நிபந்தனை போடுவதில் தவறில்லை. எது நடந்தால் நிபந்தனை நிறைவேறியதாகும், எந்தத் தேதிக்குள், யார் முடிவு செய்வார்கள் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

ஓர் உதாரணம். கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது. ஆஃபர் ஜூன் 2-ஆம் தேதி வருகிறது. பழைய கம்பெனியில் நோட்டீஸ் காலம் 60 நாள். ஆகஸ்ட் 11 அன்று சேர வேண்டுமானால் அவர் ஜூன் 10-க்குள் ராஜினாமா கொடுக்க வேண்டும். சரிபார்ப்பு ஜூலையில்தான் முடியும் என்றால், நிறுவனத்தின் சந்தேகத்துக்கான விலையை முழுதாக அவர்தான் தாங்குகிறார். சேரும் தேதியைத் தள்ளிப்போடுவது ஒரு வழி. ராஜினாமாவுக்கு முன் முடிக்கக்கூடியவற்றை முதலில் முடிப்பது அதைவிட நல்ல வழி.

பட்டம் உண்மையா என்று பல்கலைக்கழகத்தில் கேட்கலாம். முகவரியைப் பார்க்கலாம். மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடலாம். இப்போது வேலை செய்யும் இடத்தில் மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் அவர் வேறு வேலை தேடும் விஷயம் வெளியே வந்துவிடும். ரிலீவிங் லெட்டரும் கடைசி நாளுக்கு முன் கிடைக்காது. இந்த இரண்டையும் "சேர்ந்தபின்" என்ற தலைப்பில் தனியாக எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்தால், அவரால் கொடுக்கவே முடியாத ஒரு காகிதத்தைக் கேட்டு ஆஃபரை நிறுத்திவைத்ததாகிவிடும்.

சரிபார்ப்பில் அதிகம் தடுக்குவது பொய்ச் சான்றிதழ் அல்ல, பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் 'எஸ்' என்று மட்டும் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். நம் ஊரில் இது சர்வசாதாரணம். ஆனால் வெளியூர் சரிபார்ப்பு ஏஜென்சி 'பொருந்தவில்லை' என்று குறித்துவிடும். முன்பு வேலை பார்த்த சிறிய கம்பெனி மூடிவிட்டிருந்தால் 'சரிபார்க்க இயலவில்லை' என்று வரும். 'பொய்' என்பதும் 'சரிபார்க்க இயலவில்லை' என்பதும் ஒன்றல்ல. கடிதம் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு பி.எஃப். பாஸ்புக், படிவம் 16, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றில் எதைக் கொடுத்தாலும் ஏற்போம் என்று எழுதிவிட்டால் பாதித் தகராறு தீர்ந்தது.

மருத்துவத்தில் 'தகுதி' என்ற சொல்லைத் தனியே விடக்கூடாது. கிரேன் ஓட்டுபவருக்கு நிறம் பிரித்தறியும் பார்வை தேவை. கணக்கு எழுதுபவருக்கு எதற்கு? எந்தப் பரிசோதனை, எங்கே, செலவு யாருடையது என்று சொல்லிவிட வேண்டும். நிறுவனத்துக்கு வருவது "இந்த வேலைக்குத் தகுதி" அல்லது "இன்ன கட்டுப்பாட்டுடன் தகுதி" என்ற மருத்துவரின் முடிவு மட்டும்தான், ரத்தப் பரிசோதனை விவரமல்ல என்பதும் அதில் இருக்கட்டும். வேலை தர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழைய படிவத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் அதில் இந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடவேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஜூன் 20-க்குள் உங்கள் பி.காம். பட்டத்தைப் பல்கலைக்கழகம் உறுதிசெய்ய வேண்டும். நாங்கள் குறிப்பிடும் மருத்துவமனையில், எங்கள் செலவில், இப்பணிக்கான பரிசோதனையும் அதே தேதிக்குள் முடியும். ஏதேனும் பொருந்தாவிட்டால் எழுத்தில் தெரிவிப்போம். விளக்கம் தர உங்களுக்கு 7 நாள் உண்டு. தாமதம் எங்கள் பக்கமோ பல்கலைக்கழகத்தின் பக்கமோ இருந்தால் சேரும் தேதி அதே அளவு தள்ளிப்போகும், ஆஃபர் ரத்தாகாது. இவை முடிந்ததும் 'நிபந்தனைகள் நிறைவேறின' என்று மெயில் அனுப்புவோம். அது வந்தபின் ராஜினாமா கொடுங்கள். அன்றிலிருந்து 62-ஆம் நாள் சேரலாம். ரிலீவிங் லெட்டரை, சேர்ந்த 30 நாளுக்குள் தந்தால் போதும்."

தாமதத்தைப் பற்றிய வரியை விட்டுவிடக்கூடாது. குறித்த தேதிக்குள் நிகழ்வு நடக்காவிட்டால் ஒப்பந்தமே செல்லாமல் போகும் என்கிறது அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு. தேதி மட்டும் போட்டு நீட்டிப்பைச் சொல்லாமல் விட்டால், பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு கோப்பு நகராததற்காக அவர் வேலையை இழப்பார்.